மார்ச் 31: மூட வேண்டிய கணக்குகளும் மூடக் கூடாத கணக்குகளும்

கேள்வி: "ஐயா, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறேன். மார்ச் 31 அன்று சில கணக்குகளை மூடிவிட வேண்டும், சிலவற்றை மூடக் கூடாது என்கிறார் கணக்கு எழுதுபவர். எதை மூடுவது, எதை விடுவது? வீட்டுச் செலவுக்கு நான் எடுத்த பணம் எதில் சேரும்? மூடியது சரிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

பேரேட்டில் உள்ள எந்தக் கணக்கைத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அதில் நிற்கும் தொகை ஒரு காலத்துக்கு உரியதா, ஒரு தேதிக்கு உரியதா என்பதைத்தான். விற்பனை பதினாறு லட்சம் என்று ஒருவர் சொன்னால், "எத்தனை மாதத்தில்?" என்று கேட்காமல் அந்தத் தொகையிலிருந்து எதையும் அறிய முடியாது. கல்லாவில் இருபதாயிரம் இருக்கிறது என்று சொன்னால், "எந்த நாளில்?" என்று மட்டும் தெரிந்தால் போதும், அது எத்தனை மாதத்தில் சேர்ந்தது என்பது தேவையில்லை. முதல் வகையில் விற்பனை, கொள்முதல், கூலி, வாடகை, மின்கட்டணம், வட்டி, தேய்மானம் ஆகியவை வரும்; இவை தற்காலிகக் கணக்குகள். இரண்டாம் வகையில் ரொக்கம், வங்கி, கடனாளிகள், அச்சும் இயந்திரமும், வங்கிக் கடன், சரக்கு தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியது, உரிமையாளர் தொழிலில் போட்ட முதல் ஆகியவை வரும்; இவை நிலையான கணக்குகள். தற்காலிகக் கணக்கை ஆண்டின் கடைசி நாளில் சுழியாக்கி, அதில் இருந்த தொகையை வேறிடத்துக்கு மாற்றுகிறோம். நிலையான கணக்கில் இருப்பைக் கட்டி, அதே இருப்பை மறுநாள் அதே கணக்கின் முதல் வரியாக எழுதுகிறோம். மாற்றுவதற்கு எழுதும் குறிப்பேட்டுப் பதிவுகளைத்தான் இறுதிப் பதிவுகள் என்கிறோம்.

காலம் என்பது பன்னிரண்டு மாதமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கணக்கியலில் இல்லை. அது வருமான வரிச் சட்டம் நமக்கு வைத்த அளவு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் கடைகள் இருந்த காலத்தில் ஏஜெண்டுகள் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்டார்கள். தவணை முடிந்து ஊர் திரும்பும்போது அந்தத் தவணையின் வட்டி வரவையும் கடைச் செலவையும் முடித்துக் கணக்கை ஒப்படைப்பார்கள். கொடுக்கல் வாங்கல் பாக்கிகள் அடுத்து வருபவருக்கு அப்படியே கைமாறும். தவணை முடிந்ததும் முடிந்து போனவை தற்காலிகக் கணக்குகள், கைமாறியவை நிலையான கணக்குகள் என்று பார்த்தால், நீங்கள் மார்ச் 31 அன்று செய்வதும் அதே வேலைதான்.

இனி எண்களோடு பார்ப்போம். உங்கள் பட்டறையைப் போன்ற, தனி ஒருவருக்குச் சொந்தமான ஒரு பட்டறையின் 31-3-2025 இருப்பாய்வை, அதாவது எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பற்று, வரவு என்று அடுக்கிய பட்டியலை, எடுத்துக்கொள்கிறேன்; எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. விற்பனை 16,80,000. திரும்பி வந்த சரக்கு 30,000. சிமெண்ட், மணல், சாயப்பொடி ஆகியவற்றின் கொள்முதல் 6,40,000. கூலி 5,10,000. ஆண்டின் தொடக்கச் சரக்கிருப்பு 1,20,000. வாடகை 96,000, மின்கட்டணம் 24,000, கல்லை வாடிக்கையாளர் வீட்டில் இறக்கிய வண்டி வாடகை 70,000, வங்கிக் கடன் வட்டி 36,000, தேய்மானம் 25,000. சாயப்பொடிக் கடைக்காரர் தந்த தள்ளுபடி 5,000. உரிமையாளர் வீட்டுக்கு எடுத்தது 2,40,000. 1-4-2024 அன்று இருந்த முதல் 6,00,000. மற்றவற்றை இடம் வரும்போது சொல்கிறேன். இருப்பாய்வின் இரு பக்கமும் 27,66,000 என்று சமமாக நிற்கிறது.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிட வேண்டும். கொடுபடாத கூலி, தேய்மானம் போன்றவற்றை உரிய ஆண்டில் சேர்க்கும் சரிக்கட்டுப் பதிவுகள் அனைத்தும் முடிந்த பிறகே இறுதிப் பதிவைத் தொட வேண்டும். மேலே சொன்ன கூலி 5,10,000 என்பதில், மார்ச் 31 வரை வேலை நடந்தும் இன்னும் கொடுக்கப்படாத 10,000 ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொடுபட வேண்டிய கூலிக் கணக்கில் 10,000 வரவாக நிற்கிறது. தேய்மானம் 25,000 என்பதும் அப்படியே, பதிவாகி முடிந்த தொகை. இவற்றை எழுதாமல் மூடிவிட்டால், மூடிய கணக்கை மறுபடி திறந்து எழுத வேண்டி வரும். மறுபடி திறக்கும் இடத்தில்தான் இரட்டைப் பதிவுகள் நுழைகின்றன.

இப்போது மூடுவோம். பற்று இருப்புள்ள கணக்கை வரவு வைத்தால் அது சுழியாகும். வரவு இருப்புள்ள கணக்கைப் பற்று வைத்தால் அது சுழியாகும். இதற்கு மேல் நுட்பம் எதுவும் இதில் இல்லை. திரும்பி வந்த சரக்கு 30,000-ஐ முதலில் விற்பனைக் கணக்குக்கே மாற்றிவிட்டால், விற்பனையில் 16,50,000 நிற்கும். பிறகு, கல்லைச் செய்வதற்கு நேரடியாக ஆன செலவுகளை வியாபாரக் கணக்குக்கு மாற்றுகிறோம்:

வியாபாரக் கணக்கு — பற்று 12,70,000
தொடக்கச் சரக்கிருப்புக் கணக்கு — வரவு 1,20,000
கொள்முதல் கணக்கு — வரவு 6,40,000
கூலிக் கணக்கு — வரவு 5,10,000

அடுத்த பதிவில் விற்பனைக் கணக்கைப் பற்று வைத்து வியாபாரக் கணக்கை 16,50,000 வரவு வைக்கிறோம். இந்த நான்கு கணக்குகளும் இத்துடன் சுழியாகிவிட்டன.

இறுதிச் சரக்கிருப்பு சற்று வேறு மாதிரியானது. இருப்பாய்வில் அதற்குக் கணக்கே இல்லை. மார்ச் 31 மாலை பட்டறையில் எண்ணிப் பார்த்து மதிப்பிட்ட பிறகுதான் அது பேரேட்டுக்குள் வருகிறது. உங்கள் தொழிலில் இந்த எண்ணிக்கைக்குத் தனிக் கவனம் வேண்டும். அடுக்கி வைத்திருக்கும் கல்லை எல்லோரும் எண்ணிவிடுவார்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்துச் சாயத்தை ஊற்றி, உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி எடுத்த கல், தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். ஊறி எடுத்தது காய்ந்துகொண்டிருக்கும். இன்றைக்கு விற்க முடியாது என்பதால் இவற்றை விட்டுவிடுவது வழக்கமான தவறு. அவற்றுக்கான சிமெண்டும் கூலியும் இந்த ஆண்டுச் செலவில் ஏறிவிட்டன. கல்லை எண்ணாமல் விட்டால் செலவு இந்த ஆண்டிலும் விற்பனை அடுத்த ஆண்டிலுமாகப் பிரிந்து போகும். அவற்றை இதுவரை ஆன அடக்க விலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மூலை உடைந்த கல், சாயம் கலங்கிய கல் ஆகியவற்றுக்கு அடக்க விலை கிடைக்காது என்றால், கிடைக்கக்கூடிய விலைக்கே மதிப்பிட வேண்டும். அடக்க விலை, விற்றால் கைக்கு வரும் விலை ஆகிய இரண்டில் குறைந்ததுதான் கணக்கில் ஏறும். இப்படி எண்ணிய மொத்தம் 1,50,000 என்று வைத்துக்கொள்வோம். இறுதிச் சரக்கிருப்புக் கணக்கைப் பற்று வைத்து வியாபாரக் கணக்கை வரவு வைக்கிறோம். இது ஒரு கணக்கை மூடும் பதிவு அன்று, திறக்கும் பதிவு. அப்படியிருந்தும் இறுதிப் பதிவுகளோடுதான் இதை எழுதுகிறோம். இன்று திறந்த இந்தச் சரக்கிருப்பு நிலையான கணக்காக ஏப்ரல் 1-க்குள் நுழைந்து, அடுத்த மார்ச் 31 அன்று தொடக்கச் சரக்கிருப்பு என்ற பெயரில் வியாபாரக் கணக்கில் முடியும். தேதிக்கு உரிய தொகைதான். ஆனாலும் அது விற்ற சரக்கின் அடக்கத்துக்குள் போய்விடுவதால் அதன் ஆயுள் ஓராண்டு. தற்காலிகம், நிலையானது என்ற பிரிவினை கொஞ்சம் நெகிழும் இடம் இது ஒன்றே என்பது என் கருத்து.

வியாபாரக் கணக்கின் வரவு இப்போது 16,50,000-உம் 1,50,000-உம் சேர்ந்து 18,00,000, பற்று 12,70,000. மொத்த இலாபம் 5,30,000. அதை இலாப நட்டக் கணக்குக்கு மாற்றினால் வியாபாரக் கணக்கும் மூடிவிடும். பிறகு வாடகை, மின்கட்டணம், வண்டி வாடகை, வட்டி, தேய்மானம் ஆகிய ஐந்தையும் வரவு வைத்து, இலாப நட்டக் கணக்கை 2,51,000 பற்று வைக்கிறோம். பெற்ற தள்ளுபடி 5,000-ஐப் பற்று வைத்து இலாப நட்டக் கணக்கை வரவு வைக்கிறோம். மீதம் 2,84,000, அதுதான் நிகர இலாபம். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பாடங்களில் வியாபாரக் கணக்கும் இலாப நட்டக் கணக்குமாக நாம் பிரிப்பதை ஒரே சுருக்கக் கணக்காக வைத்திருப்பார்கள். அதைப் படித்து இரண்டு முறைகளையும் கலந்துவிடாதீர்கள். முடிவில் இலாப நட்டக் கணக்கும் நிலைக்காது. அதைப் பற்று வைத்து முதல் கணக்கை 2,84,000 வரவு வைத்தவுடன் அதுவும் சுழியாகிறது. மற்றக் கணக்குகளை மூடுவதற்காகவே ஒரு நாள் திறந்து, அன்றே மூடப்படும் கணக்கு அது.

வீட்டுக்கு எடுத்த 2,40,000 மட்டும் இன்னும் மூடப்படாமல் நிற்கிறது. இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். எடுப்புக் கணக்கு தற்காலிகக் கணக்குதான். "இந்த ஆண்டில் எவ்வளவு எடுத்தேன்" என்பதற்குத்தான் அது விடை சொல்கிறது. ஆனால் அது செலவுக் கணக்கு அன்று. தொழிலுக்காகச் செலவான பணமில்லை அது. உரிமையாளர் தம்முடைய முதலிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்ட பணம். ஆகவே இலாப நட்டக் கணக்கின் வழியாகப் போகாமல் நேராக முதல் கணக்குக்குப் போகிறது:

முதல் கணக்கு — பற்று 2,40,000
எடுப்புக் கணக்கு — வரவு 2,40,000

முதல் இப்போது 6,00,000 + 2,84,000 − 2,40,000 = 6,44,000.

எடுப்பில் எதெல்லாம் சேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு மளிகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், உங்கள் பெயரில் உள்ள எல்ஐசி பிரீமியம் ஆகியவை பட்டறையின் வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தாலும் எடுப்புதான். நீங்கள் கட்டும் வருமான வரியும் எடுப்புதான். தனியார் உரிமைத் தொழிலில் வரி தொழிலுக்கு விதிக்கப்படுவதில்லை, உங்களுக்கு விதிக்கப்படுகிறது. உங்கள் வீட்டு வளவுக்குத் தளம் போடப் பட்டறையிலிருந்து கல் எடுத்துப் போயிருந்தால், அதன் அடக்க விலையும் எடுப்பில் ஏற வேண்டும். அது விற்பனையும் ஆகாது, காணாமல் போன சரக்கும் ஆகாது.

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். "டேலி ஆகிவிட்டது, ஆகவே சரி" என்று சொல்பவரை இந்த விஷயத்தில் மட்டும் நம்பாதீர்கள். எடுப்பை முதல் கணக்கில் கழிப்பதற்குப் பதிலாக, "வீட்டுச் செலவு" என்ற பெயரில் இலாப நட்டக் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகர இலாபம் 2,84,000-க்குப் பதிலாக 44,000 என்று வரும். அந்த 44,000-ஐ முதல் கணக்கில் சேர்த்தால் 6,00,000 + 44,000 = 6,44,000. அதே தொகைதான். இருப்புநிலைக் குறிப்பு ஒரு ரூபாய் பிசகாமல் சமமாகும். ரொக்கம் சரி, வங்கி சரி, கடனாளிகள் சரி, முதலும் சரி. தவறு முழுவதும் இலாபம் என்ற ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். வருமான வரிக்குக் காட்டும் வருமானம் 2,40,000 குறைந்துவிடும். கடன் கேட்டுப் போனால், வட்டி கட்டவே திணறும் பட்டறை என்று வங்கி எண்ணும். பற்றும் வரவும் சமமாக இருப்பது, இரண்டு பக்கமும் ஒரே தொகை எழுதப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். தொகை எந்தக் கணக்கின் வழியாகப் போனது என்பதைக் காட்டாது. இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இலாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கத்தை வரி வரியாகப் படித்து, "இந்தப் பட்டறை வேறு ஒருவருடையதாக இருந்திருந்தால் இந்தச் செலவு நடந்திருக்குமா?" என்று ஒவ்வொன்றையும் கேட்பதுதான்.

இதற்கு நேரெதிரான தவறு, எடுப்பை மூடாமலே விட்டுவிடுவது. முதல் 8,84,000 வரவாகவும் எடுப்பு 2,40,000 பற்றாகவும் தனித்தனியே ஏப்ரலுக்குள் போகும். இதிலும் எல்லாம் சமமாகத்தான் இருக்கும். அடுத்த மார்ச்சில் எடுப்பில் ஐந்து லட்சம் நிற்கும்போது, அதில் இந்த ஆண்டு எடுத்தது எவ்வளவு, பழையது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்றாம் ஆண்டில் அதையும் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறும் கணக்குகள் இன்னும் சில இருக்கின்றன. உங்கள் அச்சு, தொட்டி, கலவை இயந்திரம் ஆகியவற்றின் வாங்கிய விலை 3,50,000. இதுவரை எழுதிய தேய்மானம் இந்த ஆண்டின் 25,000 உட்பட 85,000, அது தேய்மான ஒதுக்குக் கணக்கில் வரவாக நிற்கிறது. இந்த ஆண்டின் தேய்மானம் 25,000 தற்காலிகம்; அது இலாப நட்டக் கணக்குக்குப் போய்விட்டது. 85,000 நிலையானது; இயந்திரம் இருக்கும்வரை அதன் விலையோடு ஒட்டிக்கொண்டே வரும். பெயரில் தேய்மானம் என்று இருப்பதால் இரண்டையும் சேர்த்து மூடிவிட்டால், 85,000 இலாபமாக மாறிவிடும். பழைய இயந்திரம் வாங்கிய விலையிலேயே புதிதுபோலக் காட்சி தரும். அதேபோல வாடகை 96,000 தற்காலிகம். இடத்துக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கும் வாடகை முன்பணம் 1,00,000 நிலையானது, இடத்தைக் காலி செய்யும் நாளில் திரும்பி வர வேண்டிய பணம். ஜிஎஸ்டி கணக்கில் அரசுக்குச் செலுத்த நிற்கும் 12,000 உங்கள் வருமானமும் இல்லை, செலவும் இல்லை. அரசுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. நம் பக்கத்துக் கடைகளில் கோயிலுக்கென்று ஒதுக்கி வைக்கும் மகமையும் அப்படித்தான்: ஒதுக்கிய பணம் கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை அந்த இருப்பு கொடுக்க வேண்டியதாகவே அடுத்த ஆண்டுக்குச் செல்லும்.

ஆகவே மூடி முடித்ததும் இன்னொரு இருப்பாய்வை எடுங்கள். முதலாவதில் நிறையப் பெயர்கள் இருந்தன. இதில் நிலையான கணக்குகள் மட்டும் இருக்க வேண்டும். நம் பட்டறைக்குப் பற்றுப் பக்கத்தில் இயந்திரம் 3,50,000, சரக்கிருப்பு 1,50,000, கடனாளிகள் 3,80,000, ரொக்கம் 20,000, வங்கி 1,25,000, வாடகை முன்பணம் 1,00,000 என 11,25,000 வரும். வரவுப் பக்கத்தில் தேய்மான ஒதுக்கு 85,000, முதல் 6,44,000, வங்கிக் கடன் 3,00,000, சரக்கு தந்த கடனீந்தோர் 74,000, கொடுபட வேண்டிய கூலி 10,000, ஜிஎஸ்டி 12,000 என அதே 11,25,000 வரும். இருப்புநிலைக் குறிப்பின் மொத்தம் 10,40,000 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே தேய்மான ஒதுக்கு 85,000-ஐ இயந்திரத்தின் விலையிலேயே கழித்துக் காட்டுகிறோம். இந்தப் பட்டியலில் கூட்டுத்தொகையைவிடப் பெயர்களைத்தான் பார்க்க வேண்டும். வாடகை, கூலி, எடுப்பு என்று காலத்துக்கு உரிய ஒரு பெயர் அதில் தென்பட்டால் மூடல் முடியவில்லை. வாடகை முன்பணம் போன்று இருக்க வேண்டிய பெயர் காணவில்லை என்றால், மூடக் கூடாததை மூடிவிட்டீர்கள்.

டேலி மென்பொருளில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு பொறியும் உண்டு. விற்பனை, கூலி, வாடகை ஆகியவற்றுக்கு இறுதிப் பதிவு எழுத வேண்டியதில்லை. காலத்தை ஏப்ரல் 1-க்கு மாற்றினால் அவை தாமாகவே சுழியில் தொடங்கும். எது தாமாகச் சுழியாக வேண்டும் என்பதை மென்பொருள் எப்படி அறிகிறது? நீங்கள் அந்தக் கணக்கைத் திறந்த நாளில் எந்தக் குழுவின் கீழ் வைத்தீர்களோ அதை வைத்துத்தான். அதாவது, தற்காலிகமா நிலையானதா என்ற தீர்ப்பு மார்ச் 31 அன்று வழங்கப்படுவதில்லை. கணக்கைத் திறந்த நாளிலேயே வழங்கப்பட்டுவிடுகிறது. வாடகை முன்பணத்தை Indirect Expenses குழுவின் கீழ் திறந்திருந்தால், அந்த 1,00,000 இந்த ஆண்டுச் செலவாகி, ஏப்ரல் 1 அன்று சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். அடுத்து, நிகர இலாபத்தை மென்பொருள் தானாக முதல் கணக்கில் சேர்ப்பதில்லை; அது Profit & Loss A/c என்ற பெயரிலேயே இருப்புநிலைக் குறிப்பில் தங்கி, ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். Drawings கணக்கை Capital Account குழுவின் கீழ் வைப்பது சரிதான். ஆனால் அந்தக் குழு நிலையான குழு என்பதால் எடுப்பும் மூடாமல் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். இந்த இரண்டுக்கும் மட்டும் 31-3-2025 தேதியிட்டு F7 அழுத்தி இரண்டு குறிப்பேட்டுப் பதிவுகளைக் கையால் எழுத வேண்டும்: இலாபத்தை முதலுக்கு மாற்றுவது ஒன்று, எடுப்பை முதல் கணக்கில் கழிப்பது மற்றொன்று. ஒரு கணினியில் முதல் கணக்கைத் திறந்து பார்த்து, பல ஆண்டுகளாக அதே தொகை அசையாமல் நின்றால், இந்த இரண்டு பதிவுகளையும் யாரும் எழுதவில்லை என்று பொருள்.

கடைசியாக, அந்தக் கொடுபட வேண்டிய கூலி 10,000-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மார்ச்சில் சரியாக மூடியவர்களும் ஏப்ரலில் தவறுவது இங்கேதான். 2025 ஏப்ரல் 5 சனிக்கிழமை. பாக்கி 10,000-உம் புதிய ஆண்டின் கூலி 8,000-உம் சேர்த்து 18,000 கொடுக்கிறீர்கள். கணக்கு எழுதுபவர் வழக்கம்போல் முழுத் தொகையையும் கூலிக் கணக்கில் பற்று எழுதுகிறார். 10,000 போன ஆண்டுச் செலவிலும் ஏறியது, இந்த ஆண்டுச் செலவிலும் ஏறுகிறது; கொடுபட வேண்டிய கூலி, கொடுத்து முடித்த பிறகும் கடனாகவே நிற்கிறது. மாதங்கள் கழித்தும் அந்தக் கணக்கில் அதே 10,000 அசையாமல் இருந்தால், நடந்தது இதுதான்.

தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. கூலி கொடுக்கும் நாளில் 10,000-ஐக் கொடுபட வேண்டிய கூலிக் கணக்கிலும் 8,000-ஐக் கூலிக் கணக்கிலும் பிரித்துப் பற்று எழுதலாம். அல்லது ஏப்ரல் 1 அன்றே கொடுபட வேண்டிய கூலியைப் பற்று வைத்துக் கூலிக் கணக்கை 10,000 வரவு வைத்துவிடலாம். கூலிக் கணக்கு அன்று சுழியில் தொடங்காமல் வரவு இருப்பில் தொடங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். சனிக்கிழமை 18,000 பற்று எழுதியதும் அதில் 8,000 மட்டும் நிற்கும், அதுதான் புதிய ஆண்டின் கூலி. கூலி கொடுப்பதும் கணக்கு எழுதுவதும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் பட்டறைக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன். சனிக்கிழமை சாயங்காலம் கூலிப் பணத்தைப் பிரிக்கும் அவசரத்தில், இதில் எவ்வளவு போன ஆண்டுப் பாக்கி என்று யாரும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.